சிரசுத் திருவிழா அன்னதானப் பந்தல்: ஏற்றுக்கொண்ட பொறுப்பிலிருந்து விலகுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம் கோபாலபுரம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1 அன்று நடக்கும். அதாவது மே 14 அல்லது 15. அன்றைக்குத் தெருவுக்குத் தெரு மோர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கும். இவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருப் பிள்ளைகள்தான். ஒவ்வொரு வருஷமும் சித்திரை பாதி தாண்டியதும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, இந்த வாட்டி என்னால முடியாது போல" என்று ஆரம்பிப்பார். பந்தல் வேலையில் இருப்பவனாக, அவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேலூர் புஷ்பப் பல்லக்குக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் பந்தல் போடுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

"நான் மோர் ஊத்தறேன்னுதான் பேர் குடுத்தேன். இப்ப வர முடியல. எனக்குப் பதிலா ஆள் தேடிக் குடுக்கணுமா?"

வேண்டாம். மோர் ஊற்றுவது, இலை எடுப்பது, தண்ணீர் கேன் தூக்குவது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. வேடிக்கை பார்க்க வந்தவரே கரண்டியை வாங்கிக்கொள்வார். பந்திப் பொறுப்பாளருக்குப் போன் போட்டு வாயால் சொல்லிவிடுங்கள், போதும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். திருவிழா வாரத்தில் அந்தக் குழுவில் அம்மன் படமும் காலை வணக்கமும் மழையாகக் கொட்டும். உங்கள் செய்தி அதில் காணாமல் போய்விடும்.

இதற்கு மேல் வருகிற கேள்விகள் எல்லாம் பொறுப்பு எடுத்தவர்களுக்கு. ஸ்டோர், சமையல் ஏற்பாடு, வசூல், அனுமதி ஆகிய நான்கில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் விலகும்போதுதான் பந்தல் உண்மையில் தவிக்கும்.

"எத்தனை நாளைக்கு முன்னாடி சொன்னா சரியா இருக்கும்?"

நாளைக் கணக்கிடுவதைவிட, அடுத்த அட்வான்ஸ் எப்போது போகிறது என்று பாருங்கள். அட்வான்ஸ் போவதற்கு முன் விலகினால் ஒரு பேச்சோடு முடிந்துவிடும். போன பிறகு விலகினால் உங்கள் பெயரைப் பல இடங்களிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் சமையல் மாஸ்டர். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பந்தல் என்பதால் நல்ல மாஸ்டர்களைச் சித்திரை ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுவார்கள். அடுத்தது பாத்திர வாடகைக் கடை. அண்டாவும் பெரிய அடுப்பும் கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. மளிகையும் சிலிண்டரும் விழா வாரத்தில் வரும். காய்கறி, இலை கடைசி இரண்டு மூன்று நாளில், தயிர் அன்றைக்கு விடியற்காலையில்.

ஆகவே மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் சந்தேகம் இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம், முடிஞ்சா வரேன்" என்று இழுக்கிறவரைவிட, "இந்த வருஷம் நான் இல்லை" என்கிறவரைத்தான் விழாக் குழுவுக்குப் பிடிக்கும். முதலாமவர் இருக்கிறார் என்று நம்பி அந்த இடத்துக்கு வேறு ஆளே போட மாட்டார்கள்.

"ஸ்டோர் முழுக்க என் பொறுப்பு. திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. எதை எப்படி ஒப்படைக்கறது?"

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டோர்காரர் தலைக்குள் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் பந்தல் ஆயிரம் பேருக்கு மதியச் சாப்பாடும் காலையிலிருந்து மோரும் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சாம்பார் சாதத்துக்கு 70 கிலோ அரிசி, 20 கிலோ துவரம் பருப்பு. தயிர் சாதத்துக்கு 30 கிலோ அரிசி. ஆக 25 கிலோ மூட்டை நான்கு. ஆயிரம் டம்ளர் மோர் என்றால், டம்ளருக்கு 200 மில்லி வீதம் 200 லிட்டர். வெயிலுக்குக் குடிக்கிற நீர்மோருக்கு 45 லிட்டர் தயிர் போதும். தயிர் சாதத்துக்கு இன்னொரு 40 லிட்டர். ஆக 85 லிட்டர். கடைக்கார சிலிண்டர், அதாவது 19 கிலோ, மூன்றும் உபரியாக ஒன்றும்.

இந்தக் கணக்கை எழுதிக் கொடுப்பது சுலபம். மாஸ்டரைக் கேட்டால் அவரே சொல்லிவிடுவார். நீங்கள் மட்டுமே அறிந்த வேறு சில விஷயங்கள் இருக்கின்றன, அவைதான் எழுதாமல் விட்டுப்போகும்.

முதலாவது, உபயம். "ரெண்டு மூட்டை அரிசி என் உபயம்டா" என்று மாமா ஒருவர் டீக்கடையில் உங்களிடம் வாயால் சொல்லியிருப்பார். அது நோட்டில் ஏறியிருக்காது. நீங்கள் விலகினதும் அந்த இரண்டு மூட்டையும் போச்சு. மாமாவும் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருப்பார், யாரும் வரவில்லையே என்று வருத்தமும் படுவார். அதனால் ஒவ்வொரு உபயதாரர் பெயரையும், என்ன தருகிறேன் என்றார், பொருளாகவா பணமாகவா, வந்துவிட்டதா வரவில்லையா என்பதையும் எழுதுங்கள். அவர்களுக்கு நீங்களே போன் போட்டு, "இனிமே இவர் வந்து வாங்கிக்குவார்" என்று சொல்லுங்கள். புது ஆள் தானாகப் போய்க் கேட்டால் அது கடன் வசூல் மாதிரி இருக்கும்.

இரண்டாவது, தயிர் வரும் நேரமும் வழியும். முத்யாலம்மன் கோயிலிலிருந்து சிரசு புறப்பட்டுவிட்டால் அந்தப் பாதையில் சைக்கிள்கூட நகராது. முந்தின இரவே தயிரை இறக்கிவிடலாம் என்றால், மே மாத வெயிலில் விடிவதற்குள் புளித்துவிடும். ஆகவே தயிர் விடியற்காலையில்தான் வர வேண்டும், கூட்டம் சேர்வதற்கு முன் வந்தாக வேண்டும், பின் சந்து வழியாக வர வேண்டும். எந்தச் சந்து, மினி வண்டி எந்த வளைவு வரை வரும், அங்கிருந்து தூக்க எத்தனை பேர், யார் வீட்டுக் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள், இதெல்லாம் காகிதத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. புது ஆளை அழைத்துக்கொண்டு ஒருமுறை அந்தச் சந்தில் நடந்து காட்டுங்கள். பால்காரரிடமும் அறிமுகப்படுத்துங்கள்.

மூன்றாவது, பாத்திரக் கடைச் சீட்டு. வாடகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்தான் திருப்பிக் கொடுக்கும்போது பதில் சொல்ல வேண்டும். ஒரு ஜல்லிக் கரண்டி குறைந்தாலும் கடைக்காரர் உங்களைத்தான் கூப்பிடுவார், நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பீர்கள். பாத்திரம் இன்னும் எடுக்கவில்லை என்றால் சீட்டைப் புது ஆள் பெயரில் மாற்றச் சொல்லுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் இருவரும் உட்கார்ந்து எண்ணி, அவர் கையெழுத்தைப் பட்டியலில் வாங்குங்கள். காலி சிலிண்டருக்குக் கொடுத்த டெபாசிட்டும் இதே கதைதான்.

ஒன்பது நாளில் இதை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் விழாக் குழுத் தலைவரிடம் நேரில் சொல்லி, அன்றைக்கே ஆளை முடிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு நாளில் நோட்டு, உபயப் பட்டியல், அட்வான்ஸ் சீட்டுகள். நான்காம் நாள் மாஸ்டர், மளிகைக் கடை, பாத்திரக் கடை, பால்காரர் எல்லோரிடமும் இருவரும் சேர்ந்தே போய்வாருங்கள். அன்று மாலை ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிடுங்கள். மிச்ச நாட்களில் உங்கள் வேலை போன் எடுப்பது மட்டும்.

சாவியைக் கடைசி வரை வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "இன்னும் ரெண்டு நாள் பாத்துக்கறேன்" என்பார்கள். சாவி உங்களிடம் இருக்கும் வரை எல்லோரும் உங்களைத்தான் கேட்பார்கள், புது ஆளை யாரும் மதிக்க மாட்டார்கள்.

"மாஸ்டர், 'உன் முகத்துக்காகத்தான் ஒத்துக்கிட்டேன், நீ இல்லன்னா நானும் இல்ல'ங்கறாரு. என்ன பண்றது?"

பாதி அன்பு, பாதி பயம். அவர் பயப்படுவது மீதிப் பணத்துக்கு. அட்வான்ஸ் கொடுத்தது நீங்கள், பேசியது நீங்கள். புது ஆள் வந்து, "அவ்வளவு பேசலியே" என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் அவர் கவலை.

ஆகவே பொருளாளரை அழைத்துக்கொண்டு போங்கள். பேசிய தொகை, கொடுத்த அட்வான்ஸ், மீதி எப்போது, உதவியாளர் எத்தனை பேர், அவர்களுக்குக் கூலி தனியா சேர்த்தா என்பதை அவர் எதிரிலேயே ஒரு தாளில் எழுதி, பொருளாளரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தாளை மாஸ்டர் கையில் கொடுங்கள். முக்கால்வாசிப் பேர் அதோடு சமாதானம் ஆகிவிடுவார்கள். முறைக்கிறவர் இருந்தால் அன்று மாலைக்குள் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். வேறு மாஸ்டர் தேட அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

"பங்காளி வீட்ல சாவு விழுந்துடுச்சு. தீட்டு. பந்தல் பக்கமே போகக் கூடாதுங்கறாங்க. ஆனா எல்லாமே என்கிட்டதான் இருக்கு."

கோயில் விழாவில் திடீரென்று ஆள் விலகுவதற்கு இதைவிட வழக்கமான காரணம் கிடையாது. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மற்ற காரணங்களைப் போல இதற்கு நாளே கிடைக்காது. நேற்று இரவு வரை எல்லாம் செய்துகொண்டிருந்தவர் இன்று காலையில் ஒன்றுமே தொட முடியாது.

சாவு வீட்டில் இருப்பவர் பத்துப் போன் போட முடியாது. ஒரே ஒரு போன் போடுங்கள், அல்லது மச்சானை விட்டுப் போடச் சொல்லுங்கள். சாவி எங்கே, நோட்டு எங்கே, பணம் எவ்வளவு எங்கே இருக்கிறது. இந்த மூன்றையும் சொன்னால் போதும். மீதியைக் காரியம் முடிந்தபின் போனில் பேசிக்கொள்ளலாம். பந்தலுக்குள்ளும் சமையல்கட்டிலும் வரக் கூடாது என்பார்களே தவிர, போனில் கணக்குச் சொல்வதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. எத்தனை நாள், எது கூடும், எது கூடாது என்பது வகையறாவுக்கு வகையறா மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் பூசாரியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே வரும் என்றால், சரக்கு உங்கள் வீட்டில் இருந்தால். அரிசி மூட்டையும் பருப்பும் உங்கள் கூடத்தில் அடுக்கியிருக்கும்போது வீட்டுக்குத் தீட்டு வந்தால், அந்தச் சரக்கைப் படையலுக்கு எடுக்கலாமா என்று ஒரு பஞ்சாயத்து கிளம்பும். சிலர் எடுக்கலாம் என்பார்கள், சிலர் கூடவே கூடாது என்பார்கள். இதில் சரி தப்பு பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். படையலுக்கு வேண்டியது சில கிலோதான், அதைக் கடையில் புதிதாக வாங்கிவிடச் சொல்லுங்கள். அன்னதானத்துக்கு மீதியை எடுப்பதா என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். அடுத்த வருஷத்திலிருந்து சரக்கை யார் வீட்டிலும் வைக்காமல், பூட்டிய கடையிலோ மண்டபத்து அறையிலோ வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் துணைக்கு ஆள் போடும்போது சித்தப்பா மகனையோ பெரியப்பா மகனையோ போட்டுக்கொள்வோம். தீட்டு வந்தால் இருவருக்கும் சேர்ந்தே வரும்! ஸ்டோருக்கு இரண்டு பேர் என்றால் ஒருவர் உங்கள் பங்காளியாக இருக்கக் கூடாது. மாமன் மச்சான் முறையிலோ, வேறு வகையறா நண்பனாகவோ இருக்கட்டும்.

"வசூல் பணம் என் ஜிபேல வந்திருக்கு. மொத்தமா அனுப்பிட்டா முடிஞ்சுதா?"

முடியாது. உங்கள் ஜிபே எண்ணும் கியூஆர் கட்டமும் நோட்டீஸில் அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் திருவிழா முடிந்த பிறகுகூடப் பணம் போடுவார்கள். நீங்கள் விலகின பிறகு வருகிற அந்த ஐந்நூறும் ஆயிரமும்தான் பின்னால் பேச்சைக் கிளப்பும்.

முதலில், இதுவரை வந்ததைத் தேதி, பெயர், தொகை என்று எழுதி, மொத்தத்தையும் ஒரே தடவையில் பொருளாளர் கணக்குக்கு அனுப்புங்கள். கையிலிருந்து செலவு செய்திருந்தால் அதைக் கழித்துக்கொண்டு அனுப்ப வேண்டாம். முழுத் தொகையை அனுப்பிவிட்டுச் செலவுக்குப் பில் கொடுத்துத் தனியாக வாங்குங்கள், கணக்கு பார்க்கிறவருக்குக் குழப்பம் இருக்காது. பிறகு பந்தலில் ஒட்டியிருக்கும் கியூஆர் மேல் புதியதை ஒட்டச் சொல்லுங்கள். அதற்கப்புறமும் உங்களுக்கு வந்தால் அன்றைக்கே அனுப்பிவிட்டு, கொடுத்தவருக்கும் ஒரு வரி போடுங்கள்.

ரசீதுப் புத்தகம் இருந்தால் கிழித்தவற்றின் அடிக்கட்டையோடு, கிழிக்காத தாள்களையும் எண்ணிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். கிழிக்காத ரசீது உங்கள் வீட்டில் கிடப்பது உங்களுக்கு நல்லதல்ல.

"போலீஸ் அனுமதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு ரெண்டும் என் பேர்லதான் எடுத்தோம். அப்படியே விட்டுடலாமா?"

விடாதீர்கள். அன்னதானம் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் செய்யும்போது செல்போன் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும், விசாரணை என்றாலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். அன்றைக்கு யாருக்காவது வாந்தி பேதி ஆனால், அங்கே இல்லாத உங்களிடம் கேட்பார்கள். அண்டாவில் என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? புதுப் பொறுப்பாளர் தன் பெயரில் பதிவு செய்யட்டும். வழி புரியவில்லை என்றால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டால் சொல்லுவார்.

மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் ஸ்டேஷனில் கொடுத்த மனுவும் அப்படித்தான். இருவரும் போய், பொறுப்பாளர் மாறிவிட்டார் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். வாணவேடிக்கை பார்த்த உற்சாகத்தில் பையன்கள் பாட்டை நிறுத்தாமல் விட்டால், மனுவில் கையெழுத்துப் போட்டவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"எனக்குப் பதிலா என் தம்பி வரேங்கறான். அனுப்பட்டுமா?"

பெயரைச் சொல்லுங்கள், முடிவைக் குழுவிடம் விடுங்கள். ஸ்டோர் என்றால் பணமும் சரக்கும். நீங்களே ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் பிடிக்காவிட்டாலும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

"குழுவுல ஒருத்தரோட எனக்கு ஆகல. அதனாலதான் விலகறேன். காரணத்தைச் சொல்லணுமா?"

"இந்த வருஷம் முடியாது" என்பதே போதும். பொய்க்காரணம் வேண்டாம், சின்ன ஊர், இரண்டே நாளில் தெரிந்துவிடும். விலகல் செய்தியிலேயே சண்டையையும் சேர்த்து எழுதினால், எல்லோரும் சண்டையைப் பேசுவார்கள், உங்கள் இடத்துக்கு ஆள் போட மறந்துவிடுவார்கள். இப்படி அனுப்பலாம்:

"அண்ணே, இந்த வருஷம் ஸ்டோர் என்னால பாக்க முடியாது. நாளைக்குச் சாயந்திரம் நோட்டும் சாவியும் எடுத்துட்டு வரேன். யார்கிட்ட குடுக்கணும்னு சொல்லுங்க. மாஸ்டர், பால்காரர், பாத்திரக் கடை மூணு பேர்கிட்டயும் நானே கூட வந்து சொல்லிடறேன்."

பணம் கையாடல் மாதிரி ஏதாவது கண்ணால் பார்த்துவிட்டு விலகுகிறீர்கள் என்றால் அது வேறு. அதைத் தலைவரிடம் தனியாக, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

"அன்னிக்குக் காலையில எழுந்தா காய்ச்சல், வயித்துப்போக்கு. எப்படியாவது போய் நிக்கணுமா?"

போகவே கூடாது. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு இருக்கிறவர் சமையல்கட்டில் நின்றால் அது ஆயிரம் பேருக்குப் போகிற சாப்பாடு. "வந்து சும்மா ஒக்காந்திருக்கேன்" என்பதும் வேண்டாம். உட்கார்ந்திருக்கிறவர் கையில் யாராவது கரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். விடியும் முன்பே உங்கள் துணை ஆளைக் கூப்பிட்டு, தயிர் வந்ததா என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். அந்த நேரத்தில் தவறினால் சரிசெய்ய முடியாதது அது ஒன்றுதான். அரிசியும் பருப்பும் உள்ளே வந்திருக்கும், மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

"விலகின அப்புறமும் போன் வந்துகிட்டே இருக்கு. எடுக்கணுமா?"

திருவிழா முடிகிற வரை எடுங்கள். ஆனால் எல்லோருடையதையும் எடுக்க வேண்டாம், புதுப் பொறுப்பாளர் போனை மட்டும். கடைக்காரர்கள் கூப்பிட்டால் "அவரைக் கேளுங்க" என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுங்கள், பதில் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். நீங்கள் ஒரு மூட்டை என்று சொல்லி, அவர் இரண்டு என்று சொல்லியிருந்தால் பந்தல் வாசலில் வண்டி நிற்கும்போதுதான் தெரியவரும். பாத்திரம் திரும்பிப் போய், டெபாசிட் வந்து, கணக்கு வாசிக்கிற கூட்டத்தன்று மட்டும் முடிந்தால் போய் உட்காருங்கள். நீங்கள் கொடுத்த அட்வான்ஸ்களைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல அங்கே உங்களைத் தவிர ஆள் இருக்காது.